ஆல்ஃபாவுக்காகத் தூக்கப்படும் கூற்றுகள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கல்லூரிகளுக்கு எதிரே இருக்கும் டைப்பிங், பைண்டிங் கடைகளில் ஒரு புலம்பல் காதில் விழும்: “ஆல்ஃபா வரலை சார்.” எம்.பி.ஏ., எம்.எட்., உளவியல், சமூகப்பணி என்று துறை எதுவானாலும், கேள்வித்தாள் வைத்து ப்ராஜெக்ட் செய்கிறவர் நம்பகத்தன்மை எண்ணை அறிக்கையில் காட்டியாக வேண்டும். அது 0.7ஐத் தாண்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். தாண்டாதபோது கிடைக்கும் ஆலோசனையும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. “அந்த நெகட்டிவ் கேள்வியையெல்லாம் தூக்கிடும்மா, வந்துடும்.”

தூக்கினால் வந்தும்விடுகிறது. அதனால்தான் இந்த ஆலோசனைக்கு இவ்வளவு மதிப்பு. இதில் தேறிய மாணவி அடுத்த ஆண்டு தன் ஜூனியருக்கு ஒரு படி மேலே போய்ச் சொல்கிறாள்: “நெகட்டிவ் கேள்வியே வைக்காதே. எல்லாத்தையும் பாசிட்டிவா போடு. ஆல்ஃபா அள்ளும்.” அதுவும் உண்மைதான், அள்ளும். எதை அள்ளுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் இந்த ஆலோசனை தலைகீழானது என்று தெரியும். எண் குறைவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அந்தக் கூற்றுகள் அல்ல, அவற்றுக்குச் செய்யாமல் விட்ட ஒரு சிறிய கணக்கு. அவற்றை எடுத்த பிறகு ஏறும் எண்ணோ, பல நேரங்களில் நம்பகத்தன்மையைக் காட்டுவதே இல்லை.

ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் மனப்பான்மையை அளக்கும் தன் முறையை வெளியிட்டபோதே, கூற்றுகளில் பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் இருக்கட்டும் என்று யோசனை சொன்னார். ஒரே பக்கமாகக் குறி போட்டுக்கொண்டே போகும் பழக்கத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே எதிர்த்திசைக் கூற்று கேள்வித்தாளுக்குள் வழிதவறி வந்த விருந்தாளி அல்ல, அளவுகோல் பிறந்தபோதே கூடவே வந்தது.

தேர்வு அச்சத்தை அளக்கும் நான்கு கூற்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ‘தேர்வு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.’ இரண்டு, ‘வினாத்தாளைக் கையில் வாங்கும்போது கை நடுங்குகிறது.’ மூன்று, ‘தேர்வு அறையில் நிதானமாக இருக்கிறேன்.’ நான்கு, ‘தேர்வுக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்குகிறேன்.’ முற்றிலும் உடன்படுகிறேன் என்றால் 5, முற்றிலும் உடன்படவில்லை என்றால் 1. முதல் இரண்டில் 5 போட்டவர் பயந்தவர், கடைசி இரண்டில் 5 போட்டவர் பயமில்லாதவர். இரண்டையும் அப்படியே கூட்டினால் பயமும் துணிவும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் கடைசி இரண்டையும் 6இலிருந்து கழித்துத் திருப்புகிறோம்: 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், 3 அப்படியே இருக்கும். ரிவர்ஸ் ஸ்கோரிங் என்பது இவ்வளவுதான். இங்கே திருப்ப வேண்டிய இரண்டு கூற்றுகளிலும் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது, கேட்க நல்ல செய்தி போலத்தான் இருக்கின்றன. ‘நெகட்டிவ் கேள்வி’ என்ற பெயரை நம்பித் தேடுகிறவர் இவற்றைத் திருப்பாமல் விட்டுவிடுவது இப்படித்தான். கூற்று இனிப்பா கசப்பா என்பது முக்கியமில்லை. அளக்கும் பொருளுக்கு அது எந்தத் திசையில் நிற்கிறது என்பதே கேள்வி.

இனி ஐந்து மாணவர்களின் பதில்களைப் பார்ப்போம். கணக்கு கையில் அடங்க வேண்டும் என்பதற்காக உருவாக்கிய எண்கள் இவை. உண்மை ஆய்வில் ஐந்து பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

| மாணவர் | கூற்று 1 | கூற்று 2 | கூற்று 3 | கூற்று 4 | திருப்பாத மொத்தம் | திருப்பிய மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| அ | 5 | 4 | 1 | 2 | 12 | 18 |
| ஆ | 4 | 4 | 2 | 1 | 11 | 17 |
| இ | 3 | 3 | 4 | 3 | 13 | 11 |
| ஈ | 2 | 2 | 3 | 4 | 11 | 9 |
| உ | 1 | 2 | 5 | 5 | 13 | 5 |

முதல் ஆள் பயத்தில் உறைந்தவர், கடைசி ஆள் அசராதவர் என்பது நான்கு பதில்களைப் படித்தாலே தெரிகிறது. திருப்பாத மொத்தத்தில் ஒருவருக்கு 12, மற்றவருக்கு 13. வேறுபாடு மறைந்துவிட்டது. திருப்பிய மொத்தத்தில் 18க்கு எதிரே 5 நிற்கிறது.

லீ கிரான்பாக் 1951இல் எழுதிய கட்டுரையால் பெயர் பெற்ற ஆல்ஃபா, இந்தச் சிதறலைத்தான் எடைபோடுகிறது. சூத்திரம் இது:

```
α = k/(k−1) × (1 − ΣVi/Vt)
```

k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை. ΣVi என்பது ஒவ்வொரு கூற்றின் சிதறலையும், அதாவது வேரியன்ஸையும், கூட்டி வந்த எண். Vt என்பது மொத்த மதிப்பெண்ணின் சிதறல். கூற்றுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஏறி இறங்கினால் மொத்தம் நன்றாக விரியும், ஆல்ஃபா 1ஐ நெருங்கும். ஒன்றையொன்று எதிர்த்து இழுத்தால் மொத்தம் சுருங்கும், ஆல்ஃபா விழும்.

நம் அட்டவணையில் நான்கு கூற்றுகளின் சிதறல் முறையே 2.5, 1, 2.5, 2.5. கூட்டினால் 8.5. எண்களைத் திருப்புவதால் ஒரு கூற்றின் சிதறல் மாறாது என்பதால் இரண்டு கணக்குக்கும் இதே 8.5தான். திருப்பிய மொத்தத்தின் சிதறல் 30. ஆல்ஃபா 0.96 வருகிறது. திருப்பாத மொத்தத்தின் சிதறல் வெறும் 1. ஆல்ஃபா என்ன தெரியுமா? மைனஸ் 10. ஆல்ஃபா 0க்கும் 1க்கும் இடையில்தான் இருக்கும் என்று வகுப்பில் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கூற்றுகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றால் அது எவ்வளவு கீழேயும் போகும். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள்கூட ஆல்ஃபா எதிர்க்குறியில் வந்தால் அடிக்குறிப்பு போட்டு, கூற்றுகளின் குறியீட்டைச் சரிபார்க்கச் சொல்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காமல்தான் பலர் ‘டெலீட்’ பொத்தானைத் தேடுகிறார்கள்.

தூக்கினால் என்ன ஆகும்? மூன்றையும் நான்கையும் எறிந்துவிட்டு முதல் இரண்டை மட்டும் வைத்தால் ஆல்ஃபா 0.92. மைனஸ் 10இலிருந்து 0.92! ஆலோசனை சொன்னவர் ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் அதே கூற்றுகளை எறியாமல் திருப்பியிருந்தால் 0.96. நோய் குறியீட்டில், அறுவை சிகிச்சை கூற்றுக்கு.

நான்கு கூற்றில் தவறு கத்துகிறது, அதனால் கண்ணில் பட்டுவிடும். இருபது கூற்றில் அது கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். இருபது கூற்றுகள், எல்லாம் சம அளவு சிதறல், எந்த இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். எல்லாம் சரியாகத் திருப்பப்பட்டிருந்தால் ஆல்ஃபா 0.90. அதில் மூன்றை மட்டும் திருப்ப மறந்தால் 0.76. எழுதாத சட்டத்தின்படி இது பாஸ்! ‘தாண்டிடுச்சு’ என்று மாணவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். ஒவ்வொருவரின் மொத்தத்திலும் மூன்று கூற்றுகள் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, அந்த மொத்தத்தை வைத்து டி-டெஸ்ட்டும் அனோவாவும் நடக்கும். கவனமுள்ள மாணவர் அந்த மூன்றையும் தூக்கினால் 0.88 வரும். மூன்று வழிகளிலும் 0.7 தாண்டப்படுகிறது, சரியான வழி அதில் ஒன்றுதான். தவறைப் பிடிக்கும் வேலையை 0.7 என்ற கோடு செய்யாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தக் கோட்டின் கதையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. எல்லாரும் மேற்கோள் காட்டும் ஜம் நன்னலி, தன் நூலின் 1967 பதிப்பில் ஆய்வின் தொடக்க நிலைக்கு 0.5, 0.6 போதும் என்றவர். 1978 பதிப்பில்தான் அதை 0.7 ஆக்கினார். தனி மனிதர்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கும் சோதனைகளுக்கு 0.9கூடக் குறைந்தபட்சம்தான் என்றும் அதே இடத்தில் எழுதினார். தேவைக்கேற்ப நகரும் அளவாக அவர் வைத்ததை, தேர்ச்சி மதிப்பெண் 35 போல ஆக்கியது நாம்.

இனி இரண்டாவது ஆலோசனை, எல்லாவற்றையும் ஒரே திசையில் எழுதிவிடுவது. ப்ராஜெக்ட் கேள்வித்தாள் எப்படி நிரப்பப்படுகிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் வருகிறது. “அக்கா, ப்ளீஸ், ரெண்டே நிமிஷம்.” கட்டைவிரல் ஒரே நேர்கோட்டில் கீழே இறங்குகிறது. இல்லையென்றால் வகுப்பில் தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வாசலிலேயே நிற்கிறார். எல்லாவற்றுக்கும் ‘உடன்படுகிறேன்’ போட்டுக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் கேண்டீனுக்குப் போகிறார்கள்.

வேறு ஐந்து பேர், ஒரு வரியைக்கூடப் படிக்காமல் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்கிலும் 5, அடுத்தவர் நான்கிலும் 4, இப்படியே 3, 2, 1. எல்லாக் கூற்றும் ஒரே திசையில் இருந்தால் மொத்தங்கள் 20, 16, 12, 8, 4. கூற்றுகளின் சிதறலைக் கூட்டினால் 10, மொத்தத்தின் சிதறல் 40. ஆல்ஃபா மிகச் சரியாக 1.00. யாருமே படிக்காத கேள்வித்தாளுக்கு முழு நம்பகத்தன்மை! இதே ஐந்து பேரும் இரண்டு எதிர்த்திசைக் கூற்றுகள் கொண்ட தாளை இப்படி நிரப்பியிருந்தால், திருப்பிய பிறகு ஒவ்வொருவரின் மொத்தமும் 12தான். சிதறல் சுழியம், ஆல்ஃபாவைக் கணக்கிடவே முடியாது. ‘இந்தத் தரவில் ஒன்றுமில்லை’ என்று தாளே சொல்லிவிடுகிறது.

நிஜத்தில் எல்லாருமே இப்படி நிரப்புவதில்லை. ஆனால் நூறு பேரில் பதினைந்து பேர் நிரப்பினாலும், ஒரே திசைத் தாளில் அவர்கள் ஆல்ஃபாவைத் தூக்கிவிடவே வாய்ப்பு அதிகம். எதிர்த்திசைக் கூற்றுகள் உள்ள தாளில் அவர்கள் அதை இறக்குவார்கள். ‘எதிர்த்திசைக் கூற்று ஆல்ஃபாவைக் கெடுக்கிறது’ என்ற குற்றச்சாட்டின் உண்மையான பொருள் பல இடங்களில் இதுதான்: படிக்காமல் நிரப்பியவர்களை அது காட்டிக்கொடுக்கிறது.

கெடுதல் ஆல்ஃபாவோடு நின்றாலும் பரவாயில்லை. வாடிக்கையாளர் திருப்தி ஒரு பகுதி, மீண்டும் வாங்கும் எண்ணம் இன்னொரு பகுதி, இரண்டும் ஒரே திசையில் எழுதப்பட்டவை. எதற்கும் தலையாட்டுகிறவர் இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெறுவார், எதற்கும் முகம் சுளிக்கிறவர் இரண்டிலும் தாழ்ந்தது பெறுவார். இரண்டுக்கும் இடையே நல்ல ஒட்டுறவு தெரியும். ‘கருதுகோள் நிரூபணமானது’ என்று ஐந்தாம் அத்தியாயம் அறிவிக்கும். அங்கே நிரூபணமானதில் பாதி, தலையாட்டும் பழக்கமாக இருக்கலாம். எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழியை, எதிர்த்திசைக் கூற்றுகளைத் தூக்கியபோதே ஆய்வாளர் மூடிவிட்டார்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை ஒளிக்க வேண்டியதில்லை. இந்தக் கூற்றுகள் படிப்பவரைக் குழப்புகின்றன என்பது உண்மை. மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் பத்துக் கூற்றுகள், ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். அதை 53 நாடுகளில் கொடுத்துப் பார்த்த டேவிட் ஷ்மிட், யூரி அல்லிக் இருவரும், எதிர்மறைக் கூற்றுகள் நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன என்று 2005இல் எழுதினார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1985இல், நீல் ஷ்மிட்டும் டேனியல் ஸ்டல்ட்ஸும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். பதில் சொல்பவர்களில் பத்தில் ஒருவர் கவனமில்லாமல் நிரப்பினாலே போதும், எதிர்மறைக் கூற்றுகள் தனிக்கட்சி போலப் பிரிந்து, ஏதோ வேறொரு பண்பை அளப்பது போலத் தெரியத் தொடங்கும்.

இந்த ஆய்வுகளைக் காட்டித்தான் ‘அதனால் வேண்டாம்’ என்கிறார்கள். ஆனால் 1985 ஆய்வு குற்றம் சாட்டுவது கூற்றை அல்ல, கவனமில்லாமல் நிரப்பியவரை. மொழிபெயர்ப்பில் வரும் குழப்பமோ, எழுதும் விதத்தில் பெரும்பகுதி தீரக்கூடியது. தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘நான் தேர்வைக் கண்டு பயப்படுவதில்லை’ என்ற வரியில் ‘இல்லை’ கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேகமாகப் படிக்கிறவர் ‘தேர்வு, பயம்’ என்பதோடு நின்று குறி போட்டுவிடுவார். நின்று படிக்கிறவருக்கோ வேறு தலைவலி: பயப்படுகிறவர் ‘உடன்படவில்லை’ என்று போட வேண்டும். ‘பயப்படுவதில்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்றால் பயம் உண்டா இல்லையா? இரண்டு இல்லையைக் கூட்டி ஒரு ஆமாம் செய்வதற்குள் அடுத்த கூற்றுக்கு நேரமாகிவிடும். ‘தேர்வு அறையில் நிதானமாக இருக்கிறேன்’ என்று எழுதினால் அந்தத் தலைவலி கிடையாது. திசை எதிரானது, வாக்கியம் நேரானது. தூக்க வேண்டியது வாக்கியத்தின் வாலில் தொங்கும் ‘இல்லை’யை. திசையைத் தூக்க வேண்டியதில்லை.

“சாஃப்ட்வேரே தூக்கச் சொல்லுதே மேடம்” என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. எஸ்.பி.எஸ்.எஸ். தரும் அட்டவணையின் கடைசிப் பத்தி Cronbach's Alpha if Item Deleted. இந்தக் கூற்று இல்லாவிட்டால் ஆல்ஃபா எவ்வளவாக இருக்கும் என்ற தகவல் அது, தூக்கு என்ற உத்தரவு அல்ல. அதற்குப் பக்கத்திலேயே Corrected Item-Total Correlation என்ற பத்தி இருக்கிறது. ஒரு கூற்று மற்றவற்றின் மொத்தத்தோடு எப்படிப் போகிறது என்று அது காட்டும். முதலில் படிக்க வேண்டியது இதை.

அங்கே ஒரு கூற்றுக்கு எதிர்க்குறியோடு −0.5 போன்ற பெரிய எண் நின்றால், அது பெரும்பாலும் திருப்பாத கூற்று. திருப்பியதும் அது நேர்க்குறிக்கு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. திருப்பிய பிறகும் சுழியத்தை ஒட்டியே நின்றால், கூற்று வேறெதையோ கேட்கிறது அல்லது படிப்பவருக்குப் புரியவில்லை. பதில் சொன்ன நான்கைந்து பேரிடம் உட்கார்ந்து பேசினால் எது என்று தெரிந்துவிடும். எதிர்த்திசைக் கூற்றுகள் எல்லாமே கூட்டமாகப் பலவீனமாக இருந்தால், திருப்புவதற்கு முந்தைய மூலத்தரவில் ஆள் ஆளாக வரிகளைப் பார்க்க வேண்டும். ‘கை நடுங்குகிறது’ என்பதற்கும் 5, ‘நிதானமாக இருக்கிறேன்’ என்பதற்கும் 5 என்று போட்டவர்கள் அங்கே வரிசையாகக் கிடைப்பார்கள்.

திருப்பும் வேலையிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பழைய எண்களின் மேலேயே புதியதை எழுதினால், திருப்பியாகிவிட்டதா இல்லையா என்பது இரண்டு நாளில் மறந்துவிடும். சந்தேகத்தில் இன்னொரு முறை திருப்பினால் எண்கள் பழைய நிலைக்கே போய்விடும். அதனால் புதிய பெயரில்தான் எழுத வேண்டும்:

```
RECODE q3 q4 (1=5) (2=4) (3=3) (4=2) (5=1) INTO q3r q4r.
EXECUTE.
```

எக்செல்லில் செய்கிறவர்களுக்கு வேறொரு பள்ளம். `=6-C2` என்று போட்டால், பதில் சொல்லாமல் விட்ட வெற்றுக் கட்டத்தை எக்செல் சுழியமாக எடுத்துக்கொண்டு 6 என்று காட்டும். ஐந்து புள்ளி அளவுகோலில் ஆறு! விடுபட்டதற்கு 9 என்று குறியீடு போட்டிருந்தால் −3 வரும். `=IF(C2="","",6-C2)` என்று எழுதினால் வெற்றுக் கட்டம் வெற்றாகவே இருக்கும், 9ஐ முன்பே அழித்துவிட வேண்டும். திருப்பிய பத்தியின் மிகச் சிறிய, மிகப் பெரிய எண்களைப் பார்த்தால் இந்தத் தவறுகள் உடனே மாட்டும். பழைய பத்தியில் எத்தனை 5 இருந்ததோ, புதிய பத்தியில் அத்தனை 1 இருக்க வேண்டும்.

கூற்றைத் தூக்கவே கூடாதா? தூக்கலாம். திருப்பிப் பார்த்து, படித்துப் பார்த்து, அது இந்த அளவுகோலுக்கு உரியதல்ல என்று காரணம் சொல்ல முடிந்தால் தாராளமாகத் தூக்கலாம், சொந்தமாக எழுதிய கேள்வித்தாளாக இருந்தால். ரோசன்பர்க் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஐந்து கூற்றுகளை வெட்டிவிட்டு, ‘ரோசன்பர்க் அளவுகோல் பயன்படுத்தப்பட்டது’ என்று எழுதுவது வேறு கதை. மிச்சமிருப்பது அதில் பாதி. முழு அளவுகோலில் மற்றவர்கள் கண்ட மதிப்பெண்களோடு அதை ஒப்பிட முடியாது.

வழிகாட்டிகளிடமும் வைவாவுக்கு வரும் தேர்வாளர்களிடமும் கேட்பது ஒன்றுதான். ‘ஆல்ஃபா எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன் ‘எந்தெந்தக் கூற்றைத் திருப்பினாய், எதைத் தூக்கினாய், ஏன்?’ என்று கேளுங்கள். நம்பகத்தன்மைப் பக்கத்தில் திருப்பிய கூற்றுகளின் எண்களும், தூக்கியிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆல்ஃபாவும் இருக்கட்டும். எல்லாம் சரியாகச் செய்த பிறகும் 0.68தான் வருகிறது என்றால், அந்த மாணவி 0.68 என்றே எழுதட்டும். அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.